அரை எச்பி ப்ளோயர் மோட்டார்: 16 மைக்ரோவா 20 மைக்ரோவா? ஸ்டார்ட்டிங் காயில் மட்டும் கருகிப் போகுது

காற்றாடி எழுதியது:

வணக்கம். சிங்கிள் பேஸ் மோட்டார் ஒண்ணு, 0.37 கிலோவாட், நாலு போல், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ப்ளோயர் ஃபேனோட நேரடி கப்ளிங். உள்ளே சுவிட்ச் எதுவும் இல்லை, ஒரே ஒரு ரன் கெப்பாசிட்டர்தான், மோட்டார் ஓடுற நேரமெல்லாம் அது சர்க்யூட்லேயே இருக்கும். நேம் பிளேட் தேய்ஞ்சு போச்சு, கெப்பாசிட்டர் எத்தனை மைக்ரோன்னு படிக்க முடியலை.

என் கைக்கு வரும்போது 20 மைக்ரோ, 440 வோல்ட் மாட்டியிருந்தது. ஸ்டார்ட்டிங் காயில் கருகியிருந்தது, ரன்னிங் காயிலோட வார்னிஷ் கலர்கூட மாறலை. ரீவைண்டிங் முடிஞ்சு வந்திருக்கு. மறுபடி அதே 20-ஐப் போட்டா மறுபடி அதே கதைதானோன்னு பயமா இருக்கு. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது நல்லா சுர்ருன்னு கிளம்புது, அதனால 20 சரியாத்தான் இருக்கும்னு காயில் கட்டினவர் சொல்றார். எந்த மதிப்பு சரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சூத்திரதாரி எழுதியது:

இதற்கு நேரடியான சூத்திரமே உண்டு. அளந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

```
C = (P × η × 1000) / (V² × f)
```

P வாட்டில், η சதவீதத்தில், C மைக்ரோஃபாரடில் வரும். உங்கள் மோட்டாருக்கு 370 வாட், செயல்திறன் 60 சதவீதம் என்று வைத்தால் 8.4 மைக்ரோ வருகிறது. 8 அல்லது 10 போடுங்கள். 20 என்பது இரண்டு மடங்குக்கு மேல். காயில் கருகியதில் ஆச்சரியம் இல்லை.

அரவைமில் எழுதியது:

எங்க மாவு மெஷின் மோட்டார்ல 100 மைக்ரோ போட்டிருக்கு சார், பல வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலை. 20-க்கே காயில் கருகுதுன்னா காயில் கட்டினதுலதான் கோளாறு.

டெஸ்ட்லேம்ப் எழுதியது:

அரவைமில் அண்ணே, உங்களுது ஸ்டார்ட் கெப்பாசிட்டர். மோட்டார் வேகம் பிடிச்சதும் டக்குன்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அப்ப சுவிட்ச் பிரிஞ்சு அந்த 100 மைக்ரோ வெளியே போயிடுது. அது சர்க்யூட்ல இருக்கிறதே சில விநாடிதான். அந்த சுவிட்ச் ஒட்டிக்கிட்டா உங்க மோட்டாரும் இதே மாதிரி புகையும். இவர் கேக்கிறது நாள் பூரா லைன்ல நிக்கிற கெப்பாசிட்டர், அது வேற கதை.

காற்றாடி, நான் செய்றது ரொம்ப சுலபம். கையில் இருக்கிற நாலு கெப்பாசிட்டரை ஒவ்வொண்ணா மாத்தி மாட்டி, லோடோட ஓட்டி, லைன்ல கிளாம்ப் மீட்டர் வச்சுப் பாருங்க. எதுல ஆம்ஸ் ரொம்பக் கம்மியா இருக்கோ அதுதான் உங்க கெப்பாசிட்டர். ஒவ்வொரு தடவை கழட்டும்போதும் ரெசிஸ்டர் வச்சு டிஸ்சார்ஜ் பண்ண மறக்காதீங்க, சார்ஜ் உள்ளேயே நிக்கும்.

காயில்கட்டி எழுதியது:

டெஸ்ட்லேம்ப் சொன்னதுல பாதியை எடுத்துக்கலாம். மாத்தி மாத்தி மாட்டி லோடில் அளக்கணும், அது சரி. லைன் ஆம்ஸை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறதுதான் ஆபத்து.

மோட்டார்லேருந்து மூணு ஒயர் வெளியே வருது. ஒண்ணு ரெண்டு காயிலுக்கும் பொது. ஒண்ணு ரன்னிங், ஒண்ணு கெப்பாசிட்டர் வழியா ஸ்டார்ட்டிங். பேர்தான் ஸ்டார்ட்டிங் காயில், இந்த மாதிரி மோட்டார்ல அதுவும் கடைசி வரைக்கும் வேலை செய்ற காயில்தான். ரெண்டு காயில் கரண்டும் சேர்ந்துதான் லைன் கரண்ட், ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல உச்சிக்குப் போறதில்லை, ஸ்டார்ட்டிங் காயில் கரண்ட் முந்திப் போகும். அதனால ஒண்ணு ஏறி இன்னொண்ணு இறங்கினா லைன்ல அது பெருசாத் தெரியாது. அதுக்குள்ள ஏதோ ஒரு காயில் வெந்துக்கிட்டு இருக்கும்.

காற்றாடி, மூணு இடத்துலயும் தனித்தனியா கிளாம்ப் வச்சு, 12.5, 16, 20 மூணுக்கும் எழுதிப் போடுங்க. கெப்பாசிட்டர் முனைகள்ல வோல்டேஜும் பாருங்க. வாட் மீட்டர் இருந்தா வாட்டும். காயில் கட்டினவர்கிட்ட ஒரு போலுக்கு ரெண்டு காயிலிலும் எத்தனை சுற்றுன்னு கேளுங்க, அதுதான் முக்கியம்.

சூத்திரதாரி எழுதியது:

அளவிட்டே கண்டுபிடிக்க வேண்டும் என்றால் அதற்கும் சூத்திரம் இருக்கிறதே. கெப்பாசிட்டர் வழியாகப் போகும் ஆம்பியரை 3183-ஆல் பெருக்கி, கெப்பாசிட்டர் வோல்டேஜால் வகுத்தால் மோட்டாருக்குத் தேவையான மைக்ரோஃபாரட் வந்துவிடும்.

காயில்கட்டி எழுதியது:

அந்தக் கணக்கு 50 ஹெர்ட்ஸில் சரியான கணக்குதான், ஆனா அது சொல்றது நீங்க மாட்டியிருக்கிற கெப்பாசிட்டரோட மதிப்பை. 20 மாட்டி அளந்தா 20 வரும், 12.5 மாட்டி அளந்தா 12.5 வரும். மேல 20-ன்னு அச்சடிச்சிருக்கிறது உள்ளே இன்னும் 20-ஆத்தான் இருக்கா, வயசாகி 15 ஆயிடுச்சான்னு கழட்டாமலே பார்க்க ரொம்ப நல்லது. மோட்டாருக்கு எது வேணும்னு அதுக்குத் தெரியாது.

முதல்ல போட்ட சூத்திரத்தைப் பத்தி ஒரே ஒரு கேள்வி. செயல்திறன் மேலே பெருக்கல்ல இருக்கு. அப்படின்னா அதே 370 வாட் மோட்டார் 60 சதவீதத்துலேருந்து 80 சதவீதமா நல்லாயிட்டா கெப்பாசிட்டர் கூடணும். நல்ல மோட்டார் லைன்லேருந்து குறைவாத்தானே இழுக்கும், அதுக்கு எதுக்குப் பெரிய கெப்பாசிட்டர்? தலைகீழா இருக்கு. இந்தச் சூத்திரம் இணையத்துல ஊர் பூரா சுத்துது, அதை நம்பி 8 மைக்ரோ போட்டா இந்த மோட்டார் லோடோட கிளம்புறதே சந்தேகம்.

காற்றாடி எழுதியது:

அளந்துட்டேன். ப்ளோயர் வாய் முழுசாத் திறந்து, அரை மணி ஓடினதுக்கு அப்புறம் எடுத்தது. லைன் வோல்டேஜ் மூணு தடவையும் 230-ஐ ஒட்டித்தான் இருந்தது.

12.5 மைக்ரோ: லைன் 2.8 ஆம்ஸ், ரன்னிங் 2.7, ஸ்டார்ட்டிங் 1.25, கெப்பாசிட்டர்ல 322 வோல்ட், 590 வாட்.

16 மைக்ரோ: லைன் 2.7, ரன்னிங் 2.1, ஸ்டார்ட்டிங் 1.7, கெப்பாசிட்டர்ல 340, 620 வாட்.

20 மைக்ரோ: லைன் 2.9, ரன்னிங் 1.55, ஸ்டார்ட்டிங் 2.25, கெப்பாசிட்டர்ல 355, 660 வாட்.

ஒரு போலுக்கு ரன்னிங் 200 சுற்று, ஸ்டார்ட்டிங் 220 சுற்றுன்னு சொன்னார்.

12.5-ல் ஃபேன் வேகம் கொஞ்சம் கம்மியாத் தெரியுது, உடம்புல கை வச்சா ஒரு உறுமல். 20-லயும் அதே உறுமல் இருக்கு, ஆனா வேகம் குறையலை. 16-ல் சத்தம் ரொம்பக் கம்மி.

டெஸ்ட்லேம்ப் எழுதியது:

பாருங்க, லைன்ல 16-தான் கம்மி. நான் சொன்னதும் அதேதானே?

காயில்கட்டி எழுதியது:

இந்தத் தடவை ஒத்துப்போச்சு. ஆனா 2.8, 2.7, 2.9-ன்னு மூணுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தைப் பாருங்க, அது உங்க கிளாம்ப் மீட்டரோட பிழைக்குள்ளேயே அடங்கிடும். அதே மூணு வரியில் ஸ்டார்ட்டிங் காயில் கரண்ட் 1.25-லேருந்து 2.25 வரைக்கும் போயிருக்கு. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. காயில் சூடு கரண்டோட வர்க்கத்துக்கு ஏறும், அதனால 16-லேருந்து 20-க்குப் போறதுல மட்டும் ஸ்டார்ட்டிங் காயில்ல செம்பு இழப்பு முக்கால் பங்கு கூடியிருக்கு. லைன் மீட்டர் இதைப் பத்தி வாயே திறக்கலை.

இனி எது சரின்னு பார்க்கலாம். மோட்டார் சீரா ஓடணும்னா ரெண்டு காயிலும் உண்டாக்குற காந்தம் சம பலத்துல இருக்கணும். காந்த பலம்ங்கிறது சுற்று பெருக்கல் ஆம்பியர். ஸ்டார்ட்டிங்ல சுற்று 1.1 மடங்கு, அதனால அதோட ஆம்பியரை 1.1-ஆல் பெருக்கி ரன்னிங்கோட ஒப்பிட்டா போதும்.

12.5-ல் 1.4-க்கு எதிரே 2.7. ரன்னிங் காயில் ஒத்தையா சுமக்குது. 20-ல் 2.5-க்கு எதிரே 1.55. இப்ப ஸ்டார்ட்டிங் காயில் சுமக்குது. 16-ல் 1.9-க்கு எதிரே 2.1. கிட்டத்தட்ட சமம், இன்னும் ஒரு சொட்டு மேல போகலாம்.

சமம் இல்லாட்டி என்ன ஆகுதுன்னா, சுத்துற காந்தப்புலம் வட்டமா இல்லாம நசுங்கிப் போகும். நசுங்கின புலத்துக்குள்ள எதிர்ப்பக்கம் சுத்துற ஒரு சின்னப் புலம் ஒளிஞ்சிருக்கும். அது ரோட்டரைப் பின்னால இழுக்கும், ரோட்டரைச் சூடாக்கும், 100 ஹெர்ட்ஸில் முறுக்கு விசையை ஆட்டும். நீங்க கையில் உணர்ந்த உறுமல் அதுதான். அது ரெண்டு பக்கமும் வரும், அதனால சத்தத்தை வச்சு கூடுதலா குறைவான்னு சொல்ல முடியாது. ஆம்பியர் சொல்லும். காயில் கருகிப் போன மோட்டார்ல எந்தக் காயில் கருகிச்சுங்கிறதும் சொல்லும்: ஸ்டார்ட்டிங்னா கெப்பாசிட்டர் பெருசா இருந்ததான்னு முதல்ல பாருங்க, ரன்னிங்னா சிறுசா, செத்துப் போச்சான்னு பாருங்க. பேரிங் இறுகினாலும் ரன்னிங் காயில் போகும், அதனால இதை மட்டும் வச்சுத் தீர்ப்பு எழுதிட வேண்டாம்.

சூத்திரதாரி எழுதியது:

சரி, சுற்று விகிதம் முக்கியம் என்றால் அதை வைத்து ஒரு சூத்திரம் இருக்க வேண்டுமே? ஒவ்வொரு மோட்டாருக்கும் மூன்று கெப்பாசிட்டர் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார முடியுமா?

காயில்கட்டி எழுதியது:

இருக்கு. ரெண்டு காயிலும் சமமா வேலை செய்யுது, ரெண்டு கரண்டும் 90 டிகிரி தள்ளி நிக்குதுன்னு எடுத்துக்கிட்டுக் கணக்குப் போட்டா இது வரும்:

```
C = P / (4π × f × a × V²)
```

இங்கே P லைன்லேருந்து உள்ளே போற வாட், ஷாஃப்டுல கிடைக்கிற வாட் இல்லை. a சுற்று விகிதம். விடை ஃபாரடில் வரும், பத்து லட்சத்தால் பெருக்கினா மைக்ரோ. 620 வாட், 1.1, 230, 50 போட்டா கிட்டத்தட்ட 17 மைக்ரோ வருது. மோட்டார் தப்பான கெப்பாசிட்டரோட ஓடினாலும் வாட் ரொம்ப மாறாதுங்கிறதுதான் இதுல வசதி. காற்றாடியோட 590-ஐப் போட்டாலும் 660-ஐப் போட்டாலும் 16-க்கும் 18-க்கும் நடுவுலதான் நிக்குது.

ஆனா இதுக்கும் எல்லை உண்டு. வெறும் கெப்பாசிட்டரை வச்சு முழுச் சமநிலை ஒரே ஒரு லோடில்தான் கிடைக்கும், அதுவும் காயிலோட பவர் ஃபேக்டர் சுற்று விகிதத்துக்குப் பொருந்தினாத்தான். அதனால இது தேட ஆரம்பிக்கிற இடம். முடிவு ரெண்டு காயில்லயும் கிளாம்ப் வச்ச பிறகுதான்.

காற்றாடி எழுதியது:

புரியுது. ஆனா ஒரு சந்தேகம் பாக்கி. 20-ல் 2.25 ஆம்ஸ்தான். அந்தக் காயில் அதுக்கே கருகிடுமா? பழைய மோட்டார் கொஞ்ச காலம் நல்லாத்தானே ஓடியிருக்கு.

இன்னொண்ணு, இங்கே ப்ளோயர் வாயை முழுசாத் திறக்கிறது எப்பவாவதுதான். பெரும்பாலும் டேம்பரைக் கால்வாசி திறந்து வச்சுத்தான் ஓட்டுவாங்க.

காயில்கட்டி எழுதியது:

இதை முதல் பதிவுலேயே சொல்லியிருக்கணும் நீங்க! கப்ளிங்கைக் கழட்டி, மோட்டாரை வெறுமனே 20 மைக்ரோவோட ஓட்டி, அதே மூணு இடத்துல பாருங்க. நீண்ட நேரம் ஓட்டாதீங்க.

காற்றாடி எழுதியது:

பார்த்தேன், ரெண்டு தடவை பார்த்தேன். லைன்ல வெறும் 1.4 ஆம்ஸ். ரன்னிங்ல 1.35. ஸ்டார்ட்டிங்ல 2.6! கெப்பாசிட்டர்ல 410 வோல்ட். லைன்ல 1.4 போகும்போது உள்ளே ஒரு காயில்ல 2.6 எப்படிப் போகும்? மீட்டர் கெட்டுப் போச்சோ?

காயில்கட்டி எழுதியது:

மீட்டர் நல்லா இருக்கு. ஸ்டார்ட்டிங் காயில் கரண்ட் லைன் வோல்டேஜுக்கு முந்திப் போகுது, ரன்னிங் காயில் கரண்ட் ரொம்பப் பிந்தி வருது. லோடு இல்லாதப்ப ரெண்டும் கிட்டத்தட்ட எதிரெதிரா நிக்கும், அதனால ஒயர்ல ஒண்ணை ஒண்ணு கழிச்சிடும். காயிலுக்குள்ள யாரும் யாரையும் கழிக்கிறதில்லை, 2.6 ஆம்ஸும் செம்பு வழியாத்தான் போகுது.

உங்க மோட்டாரைக் கொன்னது இதுதான்னு நினைக்கிறேன். இந்த வகை ப்ளோயர்ல வாயை மூட மூட காத்து குறையும், மோட்டார் லோடும் குறையும். லோடு குறைஞ்சா ஸ்டார்ட்டிங் காயில் வோல்டேஜ் ஏறும், கெப்பாசிட்டர் வோல்டேஜும் கரண்டும் கூடவே ஏறும். டேம்பரை மூடி வச்சா மோட்டாருக்கு ஓய்வுன்னு எல்லாரும் நினைப்பாங்க. கெப்பாசிட்டர் பெருசா இருக்கிற மோட்டார்ல அது நேர்மாறு, முழு லோடை விட அப்பத்தான் அந்தக் காயில் அதிகமா வேகும். ஓவர்லோடு ரிலே லைன் கரண்டைத்தான் பார்க்கும், 1.4-ன்னு பார்த்துட்டு நிம்மதியா உக்காந்திருக்கும்.

ராத்திரியில் லைன் வோல்டேஜ் 250-க்கு ஏறினா அந்த 410 கிட்டத்தட்ட 445 ஆயிடும். 440 எழுதின கெப்பாசிட்டரும் சேர்ந்து சாகும்.

டெஸ்ட்லேம்ப் எழுதியது:

அப்ப 16-ஐப் போட்டுட்டு முடிச்சிடலாம். 16-ல் கப்ளிங் இல்லாம என்ன காட்டுது?

காற்றாடி எழுதியது:

16-ல் லோடு இல்லாம ஸ்டார்ட்டிங் 1.95, கெப்பாசிட்டர்ல 390 வோல்ட்.

ஆனா ஒரு சிக்கல். சாயங்காலம் இங்கே வோல்டேஜ் 180-க்கு இறங்கும். 20 மைக்ரோவில் அப்பவும் சட்டுன்னு கிளம்புச்சு. 16-ல் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் சுத்துது. சரியா ஒரு நிமிஷம் இல்லை, ஆனா தயங்குறது கண்ணுக்குத் தெரியுது. 12.5-ல் ஃபேனைக் கையால தள்ளிவிட்டாத்தான் சுத்துது.

காயில்கட்டி எழுதியது:

அது எதிர்பார்த்ததுதான். நிக்கிற மோட்டார்ல ஸ்டார்ட்டிங் காயில் கரண்டைத் தீர்மானிக்கிறது பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான், காயிலோட தடை அதுக்கு முன்னாடி சின்னது. அதனால கிளம்புற முறுக்கு விசை ஏறக்குறைய மைக்ரோவோட நேர் விகிதத்துல போகும். 20-ல் கிடைச்சதுல 80 சதவீதம் 16-ல் கிடைக்கும், 12.5-ல் 60-க்குக் கொஞ்சம் மேல. வோல்டேஜ் 180-க்கு இறங்கினா முறுக்கு விசை வர்க்கத்துல இறங்கும், 230-ல் இருந்ததுல 61 சதவீதம்தான் மிச்சம். ரெண்டும் சேரும்போது தயங்கத்தான் செய்யும்.

காயில் கட்டினவர் 20 சரின்னு சொன்னதுக்கு காரணமும் இதுதான். கிளம்புறதை மட்டும் பார்த்தா பெரிய கெப்பாசிட்டர் எப்பவும் நல்லதாத்தான் தெரியும், சூடு பின்னாடிதான் வரும்.

நான் உங்க இடத்துல இருந்தா 18 போடுவேன். 16-ம் 2-ம் பேரலல்ல மாட்டினா 18 வந்துடும். ரெண்டுமே 440-க்குக் குறையாம இருக்கணும். டேம்பரை உங்களுக்கு வழக்கமான அளவுக்கு மூடி வச்சு ரெண்டு மணி நேரம் ஓட்டி, ஸ்டார்ட்டிங் காயில் ஆம்ஸ் 2.2-ஐத் தாண்டாமப் பார்த்துக்கோங்க.

டெஸ்ட்லேம்ப் எழுதியது:

எனக்கு 18 பிடிக்கலை. கெப்பாசிட்டர் பெரும்பாலும் 5 சதவீதம் கூடக் குறைய வரும், உங்க 18 உண்மையில் 19-ஆ இருந்தா? டேம்பர் மூடி ஓடுற மோட்டார் இது. நான்னா 16-ஐயே போட்டு, சாயங்காலத் தயக்கத்துக்கு வோல்டேஜ் பிரச்சினையைத் தனியாப் பார்ப்பேன். இல்லாட்டி ரிலேயோட ஒரு ஸ்டார்ட் கெப்பாசிட்டர், அரவைமில் அண்ணன் மோட்டார் மாதிரி.

அரவைமில் எழுதியது:

என் மோட்டார் அந்த டக் சத்தம் இப்ப போடுறதே இல்லையே தம்பி. அது பிரச்சினையா?

டெஸ்ட்லேம்ப் எழுதியது:

அண்ணே, இப்பவே மெஷினை ஆஃப் பண்ணுங்க. சுவிட்ச் பிரியுதான்னு பார்த்துட்டுத் தனி இழை போடுங்க, வர்றேன்.

சூத்திரதாரி எழுதியது:

18-க்கும் 16-க்கும் நடுவே சண்டை தேவையில்லை. கெப்பாசிட்டர் வயதாகும்போது மதிப்பு இறங்கத்தான் செய்யும். 18-இல் ஆரம்பித்தால் கொஞ்ச காலத்தில் அதுவே 17 ஆகிவிடும்.

காயில்கட்டி எழுதியது:

இறங்கும், ஆனா எப்ப இறங்கும்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் காயில் 18-ஓட சூட்டைத்தான் தாங்கணும். டெஸ்ட்லேம்ப் சொல்ற பயம் நியாயமானதுதான். வாங்கின கெப்பாசிட்டரை மீட்டர்ல அளந்து, 17.5-க்கு மேல போகாத ஜோடியாப் பார்த்துப் போட்டா நான் நிம்மதியா இருப்பேன்.

காற்றாடி எழுதியது:

என்கிட்ட இருக்கிற 16 மீட்டர்ல 15.6 காட்டுது. கூட 1.5 மைக்ரோ ஒண்ணு இருக்கு, ஃபேன்ல போடுறது, 440 வோல்ட். ரெண்டும் சேர்ந்து 17.1. டேம்பர் கால்வாசி, 236 வோல்ட்: ஸ்டார்ட்டிங் 2.05, ரன்னிங் 1.7, கெப்பாசிட்டர்ல 388. ரெண்டு மணி நேரம் கழிச்சு உடம்புல கை வைக்க முடியுது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினதும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டுச் சொல்றேன்.